பூங்காருக்குப் பக்கத்தில் ஒரு பூஜ்யம்

தஞ்சாவூரில் இருந்துகொண்டு இணையதளங்களைக் கூகுள் தேடலில் முன்னுக்குக் கொண்டுவரும் வேலை பார்க்கிறவன் நான். எந்தத் தொழில்காரர் வந்தாலும் வருவார், ஆனால் மண்ணின் வாகு, அரிசிக்காரர்கள்தான் அதிகம். அதிலும் பாரம்பரிய அரிசிக்காரர்கள். திருத்துறைப்பூண்டி பக்கம் ஆதிரெங்கத்தில் 2006-ல் தொடங்கி நெல் ஜெயராமன் நடத்திய நெல் திருவிழாக்கள் அதற்கு ஒரு பெரிய காரணம். இரண்டு கிலோ விதைநெல் வாங்கிப்போகும் விவசாயி மறு வருடம் நாலு கிலோவாகத் திருப்பித் தர வேண்டும் என்ற ஏற்பாட்டில் 174 ரகங்களை அவர் மீட்டுப் பரப்பினார். 2018 டிசம்பரில் அவர் மறைந்தபோது அந்த ரகங்களின் பெயர்கள் ஊர் ஊராகப் போய்ச் சேர்ந்திருந்தன. பெயர் பரவினால் தேடுவார்கள், தேடினால் விற்கலாம். விற்பதற்குப் புதிதாக ஒரு தளம் போட்டுவிட்டு என்னிடம் வருகிறவர்கள் கேட்பதும் ஒன்றே: "பாரம்பரிய அரிசின்னு போட்டா நம்ம பேரு மொதல்ல வரணும் தம்பி."

அந்தச் சொல்லுக்கு வர முடியுமா, முடியாதென்றால் எதற்கு வர முடியும் என்று கண்டுபிடிப்பதுதான் இந்த வேலையில் முதல் பாதி. அதற்குக் கருவிகள் இருக்கின்றன. சொல்லைத் தட்டினால் பக்கத்தில் KD என்று 0 முதல் 100 வரை ஓர் எண் வரும், கீவேர்ட் டிஃபிகல்டி. எண் சிறிதானால் எளிது, பெரிதானால் கடினம் என்று எடுத்துக்கொள்ளச் சொல்வார்கள். ஆங்கிலச் சொற்களுக்கு அது ஓரளவு வழிகாட்டும். தமிழில் "பூங்கார் அரிசி" என்று போட்டால் பெரும்பாலும் 0 என்றுதான் வரும். "கருப்பு கவுனி அரிசி நன்மைகள்" என்று போட்டாலும் அதே 0, அல்லது ஒன்றிரண்டு. இந்த இரண்டு பூஜ்யங்களும் ஒன்றல்ல. அதைப் பிரித்துப் பார்க்கத் தெரியாவிட்டால் புதுத் தளத்தின் முதல் வருடம் வீணாகப் போகும்.

பூஜ்யம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் விஷயம் விளங்கும். அஹ்ரெஃப்ஸ் கருவி அந்தச் சொல்லுக்கு முதலில் வரும் பத்துப் பக்கங்களை எடுத்துக்கொள்கிறது. ஒவ்வொரு பக்கத்துக்கும் எத்தனை வெளித்தளங்கள் இணைப்பு கொடுத்திருக்கின்றன என்று எண்ணி, அதிலிருந்து எண்ணைத் தருகிறது. KD 10 என்றால் ஏறத்தாழ பத்துத் தளங்கள் உங்கள் பக்கத்துக்கு இணைப்பு தந்தால் முதல் பத்துக்குள் வரும் வாய்ப்பு உண்டு என்று பொருள். 30 என்றால் முப்பத்தைந்தைத் தாண்டும். அதற்குமேல் ஏணி வேகமாக ஏறும், 80-ஐத் தொடும்போது முந்நூறுக்கும் மேல். கவனிக்க வேண்டியது, எண்ணப்படுவது அந்தத் தனிப் பக்கத்துக்கு வந்த இணைப்புகள். அந்தப் பக்கம் இருக்கும் தளத்தின் பலம் அல்ல.

தமிழில் இது இரண்டு இடத்தில் தடுமாறுகிறது. ஒன்று, தமிழ்த் தளங்கள் ஒன்றையொன்று இணைப்பு கொடுத்துக் காட்டுவது அரிது. செய்தித்தாள் கட்டுரை ஒன்று ஆயிரக்கணக்கில் வாசிக்கப்பட்டிருக்கும், வாட்ஸ்அப்பில் ஊரெல்லாம் சுற்றியிருக்கும், ஆனால் அதற்கு இணைப்பு கொடுத்த தளம் ஒன்றுகூட இருக்காது. கருவியின் கண்ணுக்கு அது அநாதைப் பக்கம். இரண்டு, அந்த அநாதைப் பக்கத்தைத் தாங்கி நிற்பது பல பத்தாண்டு வாசகர்களைக் கொண்ட ஒரு பத்திரிகையின் தளம், அல்லது அமேசான், அல்லது யூடியூப். முதல் பத்தும் இப்படிப்பட்டவர்களாக இருந்தாலும் கருவி 0 என்றே காட்டும். அங்கே நேற்றுப் பதிவு செய்த பெயரோடு போய் நின்றால் இடம் கிடைக்காது.

கூகுளின் கீவேர்ட் பிளானரில் "போட்டி" என்றொரு பத்தி இருப்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் என்னிடம் வருகிறவர்களில் பலர் அதைக் காட்டித்தான் "போட்டி குறைவுன்னு போட்டிருக்கே" என்பார்கள். அது விளம்பரதாரர்களுக்கு இடையிலான போட்டி. அந்தச் சொல்லுக்குக் காசு கட்டி விளம்பரம் போட எத்தனை பேர் முட்டுகிறார்கள் என்பதை மட்டுமே சொல்லும். விளம்பரம் இல்லாமல் இயல்பாக வரும் வரிசைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

அதனால் நான் எண்ணைப் பார்த்துவிட்டு, பிறகு முடிவுப் பக்கத்தைக் கண்ணால் படிக்கிறேன். அது எப்படி என்பதைத் திருத்துறைப்பூண்டிக்குப் பக்கத்தில் ஒரு குடும்பம் நடத்தும் சிறிய அரைவை மில்லுக்காகச் செய்த வேலையை வைத்துச் சொல்கிறேன். ஐயா நெல்லை வாங்கி ஊறவைத்து, அவித்து, களத்தில் காயவைத்து அரைக்கிறார். மருமகள் பொட்டலம் போட்டு, போனில் ஆர்டர் எடுக்கிறார். தளம் புதிது. அதற்கு இணைப்பு கொடுத்தவர் எவரும் இல்லை. கையில் ஏழெட்டு ரகம் இருந்தது.

தேடிப் பார்ப்பதற்கு முன் உலாவியில் மறைநிலைச் சாளரத்தைத் திறந்துகொள்வேன். கடைக்காரர் தன் போனில் தன் தளத்தையே தினம் திறந்து பார்த்துக்கொண்டிருப்பார். அவருக்குக் காட்டும் வரிசை சென்னையில் இருக்கிற வாடிக்கையாளருக்குக் காட்டும் வரிசை அல்ல. முடிவுப் பக்கம் வந்ததும் முதலில் பார்ப்பது அங்கே என்ன மாதிரிச் சரக்கு இருக்கிறது என்பதை. பத்தும் கடைகளா, வீடியோக்களா, கட்டுரைகளா? ஒரு சொல்லுக்குக் கூகுள் மேலே வீடியோக்களாகவே அடுக்கியிருந்தால் தேடுகிறவர் பார்க்க விரும்புகிறார், படிக்க அல்ல என்று அது கணித்துவிட்டது. அங்கே எழுத்துப் பக்கம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் கீழேதான் நிற்கும். அடுத்து, இருக்கிறவர்கள் யார், அவர்கள் கேள்விக்குப் பதில் சொல்லியிருக்கிறார்களா என்று ஒவ்வொரு பக்கத்தையும் திறந்து படிப்பேன். தலைப்பில் அந்தச் சொல்லே இல்லாத பக்கம், வேறு எதையோ பேசும்போது ஒரு வரியில் தொட்டுப்போகும் பக்கம், பழைய பி.டி.எஃப், பேஸ்புக் பதிவு, கேள்விபதில் தளத்தில் யாரோ எழுதிய இரண்டு வரி — இவற்றில் மூன்று நான்கு முதல் பத்துக்குள் இருந்தால் அங்கே இடைவெளி இருக்கிறது. பெரிய தளமே உட்கார்ந்திருந்தாலும் பரவாயில்லை, அது பதில் சொல்லாமல் உட்கார்ந்திருக்கிறதா என்பதுதான் கேள்வி.

ஐயாவின் முதல் ஆசையான "பாரம்பரிய அரிசி"யை இப்படிப் பார்த்ததில் பத்திரிகைகள், பெரிய விற்பனைத் தளங்கள், வீடியோக்கள். இடைவெளியே இல்லை. இன்னொன்றும் அதில் கோளாறு: அந்தச் சொல்லைத் தேடுகிறவர் வாங்கப்போகிறாரா, பள்ளிக்கூடப் பிள்ளைக்குக் கட்டுரை எழுதித் தருகிறாரா என்று சொல்லவே முடியாது. அதை ஒதுக்கினோம்.

பிறகு ரகங்களின் பெயர்கள். கருப்பு கவுனி, மாப்பிள்ளை சம்பா, சீரகச் சம்பா மூன்றும் ஊரறிந்தவை. வெறும் பெயரைத் தேடினால் நெருக்கம் தாங்காது. எதிர்முனையில், விதைச் சேகரிப்பாளர்களைத் தவிர யாரும் கேள்விப்படாத ரகங்கள். அவற்றுக்கு முதலிடம் ஒரே வாரத்தில் வந்துவிடும், ஆனால் தேட ஆளில்லை. இரண்டுக்கும் நடுவே பூங்கார், காட்டுயானம், தூயமல்லி, கருங்குறுவை என்று ஒரு கூட்டம் இருக்கிறது. பெயர் தெரியும், வாங்கிச் சமைத்திருக்க மாட்டார்கள். சந்தேகம் நிறைய இருக்கும். புதுத் தளத்துக்கு நான் பெரும்பாலும் இந்த நடுக்கூட்டத்தைத்தான் சொல்வேன். கூட்டமான ரகத்தைத் தொட்டால், அதன் பெயரோடு ஒரு கேள்வியும் ஒட்டியிருக்கிற சொற்றொடரை மட்டும்.

எழுத்து வடிவம் இங்கே பெரிய விஷயம். அதே அரிசியை ஒருவர் "மாப்பிள்ளை சம்பா அரிசி" என்று தட்டுவார், இன்னொருவர் mappillai samba rice என்று தட்டுவார், மூன்றாமவர் mapillai samba என்று ஓர் எழுத்தை விடுவார். கவுனியை எடுத்தால் கருப்பு, கறுப்பு, கவுனி, கவுணி என்று தமிழிலேயே பல. கருவி இவற்றைத் தனித்தனியாக எண்ணி ஒவ்வொன்றுக்கும் சொற்பமாகக் காட்டும், அல்லது ஒன்றுமே காட்டாது. எல்லா வடிவத்துக்கும் ஒவ்வொரு பக்கம் எழுத வேண்டுமா? அதற்கு ஒரு எளிய சோதனை. இரண்டு வடிவத்தையும் தேடி, முதல் பத்து முடிவுகளை அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். ஏழெட்டு ஒன்றாகவே இருந்தால் கூகுள் இரண்டையும் ஒன்றாக நினைக்கிறது, ஒரே பக்கம் போதும். இரண்டு மூன்றுதான் ஒத்துப்போகிறது என்றால் அவை வேறு வேறு களங்கள். எழுத்துப்பிழை வேறுபாடுகள் பெரும்பாலும் ஒன்றுசேர்ந்துவிடும். தமிழ் எழுத்தும் ஆங்கில எழுத்தும் சேர்வதில்லை. ஆங்கில எழுத்தில் தட்டினால் நாடு முழுக்க விற்கிற கடைகளும் ஆங்கிலக் கட்டுரைகளும் வருகின்றன, தமிழில் தட்டினால் தமிழ்ப் பத்திரிகைகளும் சமையல் வீடியோக்களும் வருகின்றன. மில்லுக்குத் தமிழ்க் களத்தையே எடுத்தோம். அங்கே எதிரே இருப்பவர்கள் பொதுவாக எல்லாவற்றையும் எழுதுகிறவர்கள். ஓர் அரிசியை அவித்து அரைத்த அனுபவத்திலிருந்து எழுதியவர் குறைவு.

மருமகளிடம் நான் கேட்டது ஒன்றுதான்: "வாங்கினவங்க போன் பண்ணி என்னக்கா கேக்குறாங்க?" அவர் யோசிக்கவே இல்லை. "எத்தன விசில் விடணும், ஊறப்போடணுமா, ஏன் வெரப்பா இருக்கு, ஏன் கொழஞ்சுபோச்சு, இட்லிக்குப் போடலாமா... இதத்தான் தம்பி மாத்தி மாத்தி." வாட்ஸ்அப்பில் வந்த கேள்விகளை வார்த்தை மாறாமல் எழுதித் தரச் சொன்னேன். அந்தத் தாள்தான் எங்கள் கீவேர்ட் பட்டியல். அதில் ஒவ்வொன்றையும் கூகுள் பெட்டியில் பாதி தட்டி நிறுத்திப் பார்த்தோம். "மாப்பிள்ளை சம்பா சாதம்" என்று நிறுத்தினால் கீழே நீளும் பரிந்துரைகளில் செய்வது எப்படி என்பது வந்தது. பரிந்துரையில் வருகிறது என்றால் உண்மையான மனிதர்கள் அதைத் தேடியிருக்கிறார்கள். கருவி மாதத் தேடல் 0 என்று சொன்னாலும் நான் நம்புவது பரிந்துரையை. கருவியின் மாதிரியில் சிக்காத அளவுக்குச் சிறிய எண்ணிக்கை என்பதுதான் அந்த 0-க்குப் பொருள். மாதம் முப்பது பேர் தேடும் கேள்வியில் பத்துப் பேர் வந்து இருவர் வாங்கினால், ஆர்டர் எடுக்க ஒரே ஆள் இருக்கும் மில்லுக்கு அது நல்ல கணக்கு.

`allintitle:` என்று போட்டுச் சொற்றொடரைத் தேடினால், அந்தச் சொற்கள் அத்தனையும் தலைப்பில் உள்ள பக்கங்கள் மட்டும் வரும். கூகுள் காட்டும் எண்ணிக்கையை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை, அது ஏறி இறங்கும். கண்ணுக்குத் தெரியும் பக்கங்கள் எத்தனை என்று மட்டும் பார்ப்பேன். நாங்கள் எடுத்த சொற்றொடர்களில் சிலவற்றுக்கு ஒரு திரைகூட நிறையவில்லை. அது தமிழில் வாய்க்கும் வசதி.

ஒரு பெரிய சொற்றொடரை வேண்டுமென்றே விட்டோம். அதைப் பற்றி ஐயாவோடு வெகுநேரம் பேச வேண்டியிருந்தது. "சர்க்கரை நோய்க்கு எந்த அரிசி நல்லது" என்பது அது. தேடுகிறவர்கள் ஏராளம், KD பூஜ்யத்துக்குப் பக்கம். ஆனால் உடல்நலம் சார்ந்த தேடல்களில் கூகுள் யார் சொல்கிறார்கள் என்பதைக் கூடுதல் கண்டிப்போடு பார்க்கிறது, மருத்துவமனைகளும் பெரிய பத்திரிகைகளும்தான் அங்கே நிலைக்கின்றன. எண்ணில் தெரியாத கடினம் அது. அதைவிட முக்கியமாக, உணவு விற்கிறவர் தன் பொருள் நோயைத் தீர்க்கும் என்று சொல்ல உணவுப் பாதுகாப்புச் சட்டம் இடம் தருவதில்லை. நான் அதைச் சட்டத்துக்காக மட்டும் சொல்லவில்லை. மாத்திரையை நிறுத்திவிட்டு அரிசியை நம்பும் ஒருவர் அந்தப் பக்கத்தின் வழியாக வரக்கூடும். அப்படி வருகிற ஒரு வாடிக்கையாளரும் அந்த மில்லுக்கு வேண்டாம் என்றேன். ஐயா கடைசியில், "நமக்குத் தெரிஞ்சது நெல்லு. அதச் சொல்லுவோம்" என்றார்.

முதல் பக்கமாக எடுத்தது "மாப்பிள்ளை சம்பா சாதம் குக்கரில் எத்தனை விசில்". முதல் பத்தில் வீடியோக்கள் இருந்தன, ஆனால் எல்லா இடத்தையும் பிடித்திருக்கவில்லை. எழுத்துப் பக்கங்களில் பெரும்பாலானவை நன்மைகளைப் பட்டியலிட்டுவிட்டுச் சமையலை ஒரு வரியில் முடித்திருந்தன. விசில் எண்ணிக்கையைச் சொன்னவர்களும் ஆளுக்கொன்று சொன்னார்கள். அது ஏன் என்று மில்காரருக்குத் தெரியும், எழுதியவர்களுக்குத் தெரியவில்லை. அறுத்த கையோடு அரைத்த புது அரிசி தண்ணீரைக் குறைவாகக் கேட்கும், சீக்கிரம் குழையும். ஒரு வருடம் கிடந்த பழைய அரிசி அதிகம் தண்ணீர் கேட்கும், உதிரியாக வரும். தவிடு முழுதும் இருக்கும் அரிசி லேசாகத் தீட்டியதைவிட நேரம் எடுக்கும். பச்சரிசிக்கு ஒரு கணக்கு, புழுங்கலுக்கு ஒரு கணக்கு. ரகம் ஒன்றே என்றாலும் விசில் ஒன்றாக இருக்க வாய்ப்பில்லை. மருமகள் இரவெல்லாம் ஊறியது, ஒரு மணி நேரம் ஊறியது, ஊறாதது என்று மூன்றாக வைத்து, புதுசிலும் பழசிலும் வடித்துப் பார்த்துப் படமெடுத்துத் தந்தார். பக்கத்தின் முதல் பத்தியிலேயே பதிலைச் சொன்னோம். காரணங்களைக் கீழே விரித்தோம். பொட்டலத்தில் எந்த மாதம் அரைத்தது என்று எழுதியிருப்பதை எப்படிப் பார்ப்பது என்பதும் அதில் உண்டு.

இரண்டாவது பூங்கார். "பூங்கார் அரிசி கஞ்சி" என்பதும் "பூங்கார் விதைநெல்" என்பதும் ஒரே ரகத்தின் பெயர்தான், ஆனால் தேடுகிறவர் வேறு. குறுகிய வயதுப் பயிர் என்பதால் குறுவைக்குப் போடலாமா என்று விவசாயிகள் தேடுகிறார்கள்; மேட்டூர் அணை ஜூன் 12-ல் திறப்பார்களா என்ற பேச்சு எழும் நாட்களில் அந்தத் தேடல் கூடும். வேளாண் பல்கலைக்கழகத் தளமும் பத்திரிகைகளின் விவசாயப் பக்கங்களும் அதற்கு நன்றாகவே பதில் சொல்கின்றன, மில்லிடம் விற்க விதையும் இல்லை. கஞ்சிக்காரர்களை மட்டும் எடுத்துக்கொண்டோம். தேடலின் பருவத்தைப் பார்ப்பதற்குக் காரணம் இன்னொன்று: புதுத் தளத்தின் பக்கம் வரிசையில் ஓர் இடத்தில் உட்காரவே சில மாதங்கள் ஆகும். தை அறுவடைக்குப் பிறகு புது அரிசி கேள்விகள் வரும் என்று தெரிந்தால், அந்தப் பக்கம் ஐப்பசிக்குள் ஏறியிருக்க வேண்டும். கடைமடை வயலுக்குத் தண்ணீர் வந்து சேரும் நாளைக் கணக்குப் போட்டு நாற்றங்கால் விடுவது போலத்தான்.

இருப்பிடச் சொற்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். "பாரம்பரிய அரிசி கடை தஞ்சாவூர்" போன்றவற்றுக்கு மேலே வருவது வரைபடத்தோடு கூடிய கடைப் பட்டியல். அதில் இடம் பிடிக்கக் கூகுளில் கடையைப் பதிந்து, சரியான முகவரியும் நேரமும் படங்களும் கொடுத்து, வாங்கியவர்களிடம் உண்மையான மதிப்புரை கேட்க வேண்டும். தேடுகிறவர் எவ்வளவு அருகில் இருக்கிறார் என்பதும் அதைத் தீர்மானிக்கிறது, ஆகவே திருத்துறைப்பூண்டி மில் தஞ்சாவூருக்கு வருவது கடினம். திருத்துறைப்பூண்டிக்கு வந்தால் போதும்.

தேர்வு சரியா என்பதை சர்ச் கன்சோல் சொல்லும். எந்தச் சொல்லுக்கு எத்தனை முறை நம் பக்கம் காட்டப்பட்டது, சராசரியாக எத்தனையாவது இடத்தில் என்று அதில் வரும். பதினாறு மாத வரலாறு இருக்கும். மிக அரிதான தேடல்களை அது வெளிக்காட்டாது, அதனால் மொத்தக் கிளிக்கும் சொல்வாரியான கிளிக்கும் பொருந்தவில்லையே என்று பதற வேண்டாம். சராசரி இடத்தையும் அப்படியே நம்பக் கூடாது. மூன்றே முறை காட்டப்பட்டு 4-ஆம் இடம் என்று வந்தால், அந்த மூன்றும் கடைக்காரரே தேடியதாக இருக்கலாம். நான் பார்ப்பது, பல வாரங்களாகத் தொடர்ந்து காட்டப்பட்டு 8-க்கும் 20-க்கும் நடுவில் நிற்கும் சொற்களை. கூகுள் அந்தத் தளத்தை அந்தப் பேச்சுக்கு ஏற்கெனவே ஒப்புக்கொண்டுவிட்டது, கொஞ்சம் தள்ளினால் முதல் பக்கம். 50-க்கு அப்பால் கிடப்பது தேர்வே தவறு என்பதன் அடையாளம். அதற்கு மேலும் மேலும் எழுதிக்கொண்டிருப்பதில் பயனில்லை.

மில்லின் விசில் பக்கம் சில மாதங்களில் முதல் பக்கத்தின் கீழ்ப்பாதிக்கு வந்தது. பூங்கார் கஞ்சி அதைவிடச் சீக்கிரம். கருப்பு கவுனிக்கு ஐயாவின் விருப்பத்துக்காக ஒரு பொதுப் பக்கம் போட்டிருந்தோம், அது ஐந்தாம் பக்கத்தில் கிடக்கிறது. தளத்துக்கு நாலு பேர் தாமாக இணைப்பு கொடுக்கும் காலம் வரும்வரை அதைத் தொட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். எதிர்பாராத ஒன்று, விசில் பக்கத்துக்கு "மாப்பிள்ளை சம்பா அவல் எவ்வளவு நேரம் ஊற வைக்கணும்" என்ற தேடல் விடாமல் வந்துகொண்டிருந்தது. அந்தப் பக்கத்தில் அவல் என்ற சொல்லே இல்லை. அதையும் மீறிக் கூகுள் பதினைந்தாம் இடத்தில் வைக்கிறது என்றால், மேலே இருப்பவர்கள் எவ்வளவு மெலிந்தவர்கள் என்று யூகிக்கலாம். தேடிப் பார்த்தேன், மெலிந்துதான் இருந்தார்கள்.

ஆனால் ஐயாவின் மில்லில் அவல் இல்லை. இடித்துத் தர மன்னார்குடி பக்கம் ஆள் பார்த்திருக்கிறார், மாதிரிக்கு ஒரு மூட்டை நெல் போயிருக்கிறது. அது வந்து, மருமகள் தண்ணீரிலும் மோரிலும் ஊறவைத்து நேரம் பார்த்துச் சொன்ன பிறகுதான் அந்தப் பக்கத்தை எழுத உட்காருவேன்.